வெள்ளிக்கிழமை மடல்: ஸ்பான்சருக்கு வாரம் ஒரு நிலை அறிக்கை

ஒரு திட்டத்துக்குப் பணத்தையும் ஆட்களையும் ஒதுக்கிக் கொடுத்து, அது முடிந்தாலும் முடங்கினாலும் நிர்வாகக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்பான்சர். கோவை வட்டார மில்களில் அது பெரும்பாலும் எம்.டி.யாக இருக்கும், அல்லது அவர் வீட்டு அடுத்த தலைமுறையாக இருக்கும். உங்கள் திட்டம் அவருடைய நாளில் பதினைந்தில் ஒன்று. பஞ்சு விலையும் மின்கட்டணமும் அவருக்குத் தினமும் நேரில் வந்து நிற்கும் விஷயங்கள். உங்கள் திட்டம் வாரம் ஒருமுறை ஒரு மின்னஞ்சலாக வருகிறது. அந்த மடலை எழுதுவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

நான் வேலை பார்த்த ஒரு நூற்பாலைத் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் பார்க்க வசதியாக எண்களை மட்டும் முழுமையாக்கியிருக்கிறேன். மூன்று யூனிட்டுகள் கொண்ட மில். மகாராஷ்டிராவின் பிவண்டியில் நூல் விற்க ஒரு டெப்போ. பழைய கணக்கு மென்பொருளை விட்டு ஈ.ஆர்.பி.க்கு மாற வேண்டும். நாள் ஏப்ரல் 1, அதாவது புதிய நிதியாண்டின் முதல் நாள். மார்ச் 31 இரவுக் கையிருப்பே ஏப்ரல் 1 காலை ஓப்பனிங் ஸ்டாக்காக ஏற வேண்டும். அதற்கு முன்பு மார்ச் 16 திங்களன்று ஒரு ஒத்திகை ஏற்றம். ஒத்திகைக்கு ஐட்டம் மாஸ்டர், அதாவது பொருட்களின் மூலப் பட்டியல், மார்ச் 13 வெள்ளிக்குள் சுத்தமாகியிருக்க வேண்டும்.

ஸ்டோர்ஸ் பட்டியலில் 9,600 வரிகள் இருந்தன. ஸ்பின்னிங் மில் ஸ்டோர்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரிங் டிராவலர், காட்ஸ், ஏப்ரன், ஸ்பிண்டில் டேப், பேரிங் என்று சின்னச் சின்னப் பொருட்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஒரே 6203 பேரிங் ஒரு யூனிட்டில் எண்ணை முதலில் எழுதியும், இன்னொன்றில் ‘பேரிங்’ என்று தொடங்கியும், மூன்றாவதில் கம்பெனிப் பெயரோடும் பதிவாகியிருந்தது. இவற்றை ஒன்றாக்கிப் புதிய எண் கொடுப்பதுதான் சுத்தம் செய்யும் வேலை.

பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. திட்ட மேலாளராகப் புதிதாக வந்திருந்த இளைஞர் எனக்குக் காட்டிய வரைவு இப்படி இருந்தது:

> மதிப்பிற்குரிய ஐயா, இந்த வாரம் திட்டப் பணிகள் நல்ல முன்னேற்றத்தில் உள்ளன. மாஸ்டர் டேட்டா 56% முடிந்தது. பயிற்சி வகுப்புகள் தொடங்கின. வென்டருடன் இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஸ்டோர்ஸ் தரப்பில் சிறிது தாமதம் உள்ளது, தொடர்ந்து கவனித்து வருகிறோம். ஈ-இன்வாய்ஸ் சோதனை நடந்து கொண்டிருக்கிறது. ஒட்டுமொத்த நிலை: பச்சை.

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை எம்.டி. என்ன செய்ய வேண்டும் என்று இதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

முடிந்ததை எண்ணுங்கள், வேகத்தையும் சேர்த்து

முதலில் அந்த 56 சதவீதம். 9,600-இல் 5,400 முடிந்திருந்தது, கணக்கு சரி. ஆனால் சதவீதம் எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் சொல்லும். எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்லாது. ஸ்பான்சருக்கு வேண்டியது இரண்டாவது.

அந்த இளைஞரை உட்காரவைத்து, “தம்பி, கடந்த மூன்று வாரத்தில் வாரத்துக்கு எத்தனை வரி முடித்தீர்கள்?” என்று கேட்டேன். எடுத்துப் பார்த்துச் சொன்னார்: 1,100, பிறகு 800, பிறகு 600. சுலபமானவை முதலில் தீர்ந்துவிட்டன. மிச்சமிருப்பவை பெயர் தெளிவில்லாதவை. ஒவ்வொன்றையும் ரேக்கிலிருந்து எடுத்து அளந்து பார்த்தால்தான் என்னவென்று தெரியும்.

மீதி 4,200. வாரம் 600 வீதம் போனால் ஏழு வாரம், அதாவது ஏப்ரல் 3. நமக்குக் கையில் இருப்பது மார்ச் 13 வரை நான்கே வாரம். அதற்குள் 2,400 முடியும், 1,800 நிற்கும். ‘நல்ல முன்னேற்றம்’ என்று தொடங்கிய மடலுக்குள் தவறப்போகும் ஒரு கெடு ஒளிந்திருந்தது. அவர் மறைக்கவில்லை. சதவீதம் அவர் கண்ணுக்கே அதை மறைத்துவிட்டது.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ நூலில் மைல்கல் பற்றிச் சொல்லும் விஷயம் இங்கே பொருந்தும். மைல்கல் என்பது கத்தி முனைபோல் கூராக இருக்க வேண்டும், நடந்ததா இல்லையா என்பதில் ஒருவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இடமிருக்கக் கூடாது என்கிறார். ‘பயிற்சி தொடங்கியது’ அப்படிப்பட்டதல்ல. ‘யூனிட் 1 ஸ்டோர்ஸில் எட்டுப் பேரும் தனியாக ஒரு ஜி.ஆர்.என். போட்டுக் காட்டினார்கள்’ என்பது அப்படிப்பட்டது. வென்டருடன் இரண்டு கூட்டம் நடந்ததை எழுதவே வேண்டாம். கூட்டத்தில் ஏதாவது தீர்ந்திருந்தால் தீர்ந்ததை எழுதலாம்.

ஆகவே முன்னேற்றப் பகுதிக்கு நான் வைத்திருக்கும் அளவு சிறியது. கெடுவைத் தீர்மானிக்கிற ஒன்று அல்லது இரண்டு வேலைகளுக்கு மட்டும் நான்கு எண்கள்: மொத்தம், முடிந்தது, இந்த வார வேகம், இதே வேகத்தில் முடியும் நாள். மற்ற வேலைகள் திட்டப்படி நடந்தால் ஒரே வரியில் ‘மற்றவை திட்டப்படி’ என்று விட்டுவிடலாம்.

நிறத்தை முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்

பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறது. வாரக் கடைசியில் மனநிலையைப் பார்த்து நிறம் போடுவதும் எல்லா இடத்திலும் இருக்கிறது. வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாக இருக்கும் இந்த அறிக்கைகளைத் திட்ட மேலாளர்கள் தர்பூசணி என்பார்கள். நானும் ஒரு திட்டத்தில் ஒன்பது வாரம் தொடர்ந்து மஞ்சள் போட்டிருக்கிறேன். சிவப்புப் போட்டால் என் திறமையின்மை என்று படித்துவிடுவார்களோ என்ற பயம். பத்தாவது வாரம் சிவப்பானபோது, ஸ்பான்சர் கோபப்பட்டது தாமதத்துக்காக அல்ல, ஒன்பது வாரம் அவருக்கு வேறு வழி இருந்ததை நான் சொல்லாமல் விட்டதற்காக. அந்தக் கோபம் நியாயமானது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திட்டத்தின் முதல் வாரத்திலும் நிறங்களின் பொருளை ஸ்பான்சரிடமே உறுதி செய்துகொள்கிறேன். இப்போதைய வேகத்தில் கெடுவுக்குள் முடியும் என்றால் பச்சை. தவறும், ஆனால் என் அதிகாரத்தில் உள்ள ஆள், பணம், நேரத்தைக் கொண்டு நானே சரிசெய்துவிட முடியும் என்றால் மஞ்சள். ஸ்பான்சர் கை கொடுத்தால்தான் சரியாகும் என்றால் சிவப்பு. இப்படி வைத்தால் சிவப்பு என்பது ‘உங்கள் முறை’ என்று சொல்லும் அடையாளமாகிவிடும். யாருடைய மதிப்பெண்ணும் அதில் இல்லை. நம் ஐட்டம் மாஸ்டர் அந்த அளவுகோலில் சந்தேகமில்லாமல் சிவப்பு.

முடிவைக் கேட்பது

மடலின் இதயம் இதுதான், இதை எழுதத்தான் அதிக நேரம் ஆகும். ‘ஸ்டோர்ஸ் தாமதத்தில் தங்கள் தலையீடு வேண்டும்’ என்று எழுதினால் எம்.டி. ஸ்டோர்ஸ் மேலாளரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். வேகம் 600-இலிருந்து 610 ஆகும், ஒரு வாரத்துக்கு. முடிவு என்றால் அவர் ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லில் பதில் போடக்கூடியதாக இருக்க வேண்டும்.

அதற்காக நாங்கள் பிற்பகலில் ஸ்டோர்ஸுக்குப் போனோம். நகர்வு அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். மீதமுள்ள 4,200 வரிகளில் 2,500 பொருட்கள் கடந்த இரண்டு ஆண்டில் ஒருமுறைகூட வெளியே போகவில்லை. ஓடுகிற பொருள் 1,700 மட்டுமே. அப்படியானால் 1,700-ஐ மட்டும் முடித்துவிட்டு ஏப்ரல் 1-ஐக் காப்பாற்றலாமே?

பராமரிப்புப் பிரிவுத் தலைவர் உடனே மறுத்தார். “அண்ணா, ஓடாத பொருள்னு எல்லாத்தையும் ஒதுக்கிடாதீங்க. மெயின் மோட்டார், கியர் எல்லாம் ரெண்டு வருஷம் சும்மாதான் கிடக்கும். மெஷின் நிக்கிற அன்னைக்கு அது பட்டியல்ல இல்லைன்னா எங்கே போய்த் தேடுறது?” அவசர உதிரிகளாக 140 வரிகளைக் குறித்துக் கொடுத்தார். ஆக, முடிக்க வேண்டியது 1,840. ஒதுக்கி வைக்கக்கூடியது 2,360.

இந்தப் பேச்சு நடக்காமல் மேசையிலிருந்தே மடலை எழுதியிருந்தால், எம்.டி. ஒப்புக்கொண்ட முடிவு மே மாதம் ஒரு ராத்திரி ஷிப்டில் உடைந்திருக்கும். வழிகளை மடலில் எழுதுமுன் அவற்றால் பாதிக்கப்படுகிறவரிடம் கேளுங்கள்.

அடுத்து, முடிவு எப்போதைக்குள் வேண்டும்? ‘விரைவில்’ என்று எழுதாதீர்கள், பின்னாலிருந்து எண்ணுங்கள். வாரம் 600 என்றால் ஆறு வேலை நாளில் நாளுக்கு 100. 1,840 வரிகளுக்குப் பத்தொன்பது நாள். பிப்ரவரி 19 வியாழன் காலை தொடங்கினால் மார்ச் 13 வரை இருபது வேலை நாள் கிடைக்கும். ஒரே ஒரு நாள்தான் கூடுதல். ஆகவே 18-ஆம் தேதி புதன் மாலைக்குள் பதில் வேண்டும். இப்படிப் பிறந்த தேதிக்கு மரியாதை கிடைக்கும், ஏனென்றால் கேட்டால் காரணம் சொல்ல முடியும்.

பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எழுத வேண்டும். பலர் இதை எழுதத் தயங்குவார்கள், மிரட்டுவதுபோல் ஆகிவிடும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதில் வராத வாரத்திலும் ஏதோ ஒரு பாதையில் திட்டம் போய்க்கொண்டேதான் இருக்கும், அந்தப் பாதை எதுவென்று பணம் போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்தை எழுதும் விதம்

‘ஈ-இன்வாய்ஸ் சோதனை நடந்து கொண்டிருக்கிறது’ என்ற வரியின் உள்ளே இன்னொரு விஷயம் இருந்தது. ஜி.எஸ்.டி. பதிவு மாநிலத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டுப் பதிவு எண்ணில் சோதனை முடிந்துவிட்டது. பிவண்டி டெப்போவின் மகாராஷ்டிரா எண்ணுக்கு இன்னும் தொடங்கவே இல்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை அரசின் இணையதளத்தில் பதிந்து ஐ.ஆர்.என். எண் வாங்கியாக வேண்டும். அது இல்லாத பில் செல்லாது. பில் இல்லாமல் நூல் மூட்டை டெப்போவை விட்டு நகராது.

ஆபத்தை எழுதும்போது நான்கு விஷயம் வந்துவிடுகிறதா என்று பார்ப்பேன். எதனால் வரலாம், வந்தால் யாருக்கு என்ன நிற்கும், எந்த நாளில் எந்த அறிகுறியைப் பார்த்து அது வருகிறதென்று தெரிந்துகொள்வோம், வந்தால் கைவசம் என்ன மாற்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘கவனித்து வருகிறோம்’ என்று எழுதினால், எதை, எந்த நாள் வரை என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை இல்லையென்றால் யாரும் கவனிக்கவில்லை.

டெப்போ விஷயத்தில் மாற்று வழி இருந்தது. ஒரு நிதியாண்டுக்குள் ஒரு பில் எண் இரண்டுமுறை வரக் கூடாது, பதினாறு எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகள் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆகவே டெப்போ மட்டும் சில வாரம் பழைய மென்பொருளிலேயே தனி வரிசையில் பில் போடலாம். மாற்று வழி இருப்பதால் இது மஞ்சள், எம்.டி.யிடம் கேட்க எதுவுமில்லை.

ஆபத்துகளை ஒரு மடலில் இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்றோடு நிறுத்துங்கள். முழுப் பட்டியல் உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும்.

திருத்திய மடல்

> பொருள்: ஈ.ஆர்.பி. – ஒரு முடிவு வேண்டும், பிப்ரவரி 18 புதன் மாலைக்குள்
>
> ஐயா, வணக்கம். ஏப்ரல் 1 தொடக்கத்தைக் காப்பாற்ற, இரண்டு ஆண்டாக நகராத 2,360 ஸ்டோர்ஸ் பொருட்களைப் புதிய மென்பொருளில் இப்போது ஏற்றாமல் ஜூன் வரை பழைய பதிவேட்டில் வைத்துக்கொள்ள உங்கள் ஒப்புதல் வேண்டும்.
>
> காரணம்: 9,600-இல் 5,400 முடிந்தது. இந்த வாரம் 600. இதே வேகத்தில் முழுதும் முடிய ஏப்ரல் 3 ஆகும். ஒத்திகைக்கு மார்ச் 13-க்குள் வேண்டும். நிலை: சிவப்பு. மிச்சமிருப்பவற்றை ஒவ்வொன்றாக ரேக்கில் எடுத்து அளக்க வேண்டியிருப்பதால் வேகம் குறைந்துள்ளது.
>
> வழி 1 (என் பரிந்துரை): ஓடும் பொருட்கள் 1,700, அவசர உதிரிகள் 140, இவற்றை மட்டும் முடிப்பது. மார்ச் 13-க்குள் முடியும், ஒரு நாள்தான் கூடுதல் அவகாசம். ஒதுக்கியவற்றின் மதிப்பை யூனிட்டுக்கு ஒரு தொகையாக ஓப்பனிங் ஸ்டாக்கில் காட்ட ஆடிட்டர் சம்மதிக்க வேண்டும். திங்களன்று கேட்கிறேன்.
> வழி 2: யூனிட் 2 ஸ்டோர்ஸிலிருந்து அனுபவமுள்ள மூவரை நான்கு வாரத்துக்கு எடுப்பது. அங்கே மார்ச் மாத இருப்புச் சரிபார்ப்பு தள்ளிப்போகும்.
> வழி 3: ஜூலை 1-க்குத் தள்ளுவது. நிதியாண்டின் முதல் காலாண்டு பழைய மென்பொருளிலும் மற்றது புதியதிலும் இருக்கும். ஆண்டு முடிவில் இரண்டையும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.
>
> பதில் வராவிட்டால் இப்போதுள்ள வரிசையிலேயே வேலை தொடரும். மார்ச் 13 அன்று 1,800 பொருட்கள் நிற்கும், அவற்றில் ஓடும் பொருட்களும் இருக்கும்.
>
> ஆபத்து 1: வேகம் வாரம் 550-க்குக் கீழே இறங்கினால் வழி 1-ம் தவறும். இறங்கினால் யூனிட் 2-இலிருந்து ஒருவரைக் கேட்பேன்.
> ஆபத்து 2: பிவண்டி டெப்போவின் ஈ-இன்வாய்ஸ் சோதனை தொடங்கவில்லை. மார்ச் 20-க்குள் சோதனையில் ஐ.ஆர்.என். வராவிட்டால் டெப்போ மட்டும் பழைய மென்பொருளில் தனி எண் வரிசையில் பில் போடும். நிலை: மஞ்சள்.
>
> மற்றவை திட்டப்படி.

பொருள் வரியிலேயே முடிவும் தேதியும் இருக்கின்றன. எம்.டி. இதைக் காரிலோ கல்யாண மண்டபத்திலோ கைபேசியில்தான் படிப்பார். திறக்காமலே தெரியும் இரண்டு மூன்று வரிகளில் அவருடைய வேலை முடிந்துவிட வேண்டும். உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கமானாலும் வரிசை இதுவே: முடிவு, காரணம், வழிகள், பேசாமலிருந்தால் என்ன, ஆபத்து. முன்னேற்றத்துக்குத் தனித் தலைப்பே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த வாரம் அது காரணத்துக்குள் அடங்கிவிட்டது. முடிவு எதுவும் வேண்டாத வாரத்தில் அதுவே முதலில் வரும். அப்போது பொருள் வரியில் ‘முடிவு எதுவும் வேண்டாம்’ என்று போட்டுவிடுங்கள். அப்படிச் சில வாரம் போட்டிருந்தால்தான் வேண்டும் என்கிற வாரத்தில் அவர் உடனே திறப்பார்.

அனுப்புமுன் இரண்டு பேர்

முதலாமவர் ஸ்டோர்ஸ் மேலாளர். முப்பது வருஷம் அந்த ரேக்குகளுக்கு நடுவே இருந்தவர். முதல் வரைவில் இருந்த ‘ஸ்டோர்ஸ் தரப்பில் தாமதம்’ அவர்மேல் விழும் குற்றச்சாட்டு. திருத்திய மடலில் இருப்பது வேலையின் தன்மை. அனுப்புமுன் அவரிடம் காட்டினோம். “இதை நான் முன்னாடியே சொன்னேன்ல” என்றார், ஆனால் வருத்தமில்லாமல். தன்னைப் பற்றி முதலாளிக்குப் போகும் வரியைத் தானும் முன்பே பார்த்தார் என்பதால், அடுத்த வார எண்ணை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அந்த எண்ணைக் கூட்டிச் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

இரண்டாமவர் எம்.டி.யே. முதன்முதலாகச் சிவப்பு ஆகும் வாரத்தில் அதை அவர் மடலில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நகல் போகும் எட்டுப் பேரும் அதே நிமிடத்தில் படிப்பார்கள், அவர் பதில் யோசிக்கவும் இடமிருக்காது. மாலை நான்கு மணிக்கு இரண்டு நிமிடத் தொலைபேசி: “ஐயா, ஐட்டம் மாஸ்டர் சிவப்பாகுது. வழி வெச்சிருக்கேன். இன்னும் ஒரு மணி நேரத்துல மடல் வரும்.” அவ்வளவு போதும். முடிவை அந்தப் போனிலேயே கேட்காதீர்கள். வாயால் சொன்ன ‘சரி’ என்ன விஷயத்துக்கு, என்ன நிபந்தனையோடு என்பது மார்ச்சில் யாருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்காது.

புதன் காலை வரை பதில் இல்லையென்றால் மடலை மறுபடி அனுப்புவதில் பயனில்லை. நேரில் போங்கள், அல்லது அவருடைய உதவியாளரிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள். வாயால் பதில் கிடைத்தால் அதை உடனே இரண்டு வரி மடலாக அவருக்கே எழுதி, ‘இப்படித்தான் புரிந்துகொண்டேன், வியாழன் காலை தொடங்குகிறேன்’ என்று முடியுங்கள்.

எங்கள் மடலுக்குச் செவ்வாய் இரவு பதில் வந்தது: வழி 1 சரி, ஆனால் ஒதுக்கும் 2,360 பொருட்களின் பட்டியலை மூன்று யூனிட் மேலாளர்களும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நாங்கள் யோசிக்காத நிபந்தனை, நல்ல நிபந்தனை. யூனிட் 3 மேலாளர் அந்தப் பட்டியலிலிருந்து இன்னும் 22 பொருட்களை வெளியே எடுத்தார். பிப்ரவரி 20-ஆம் தேதி மடலின் முதல் பத்தி இப்படித் தொடங்கியது: ‘உங்கள் 17-ஆம் தேதி முடிவின்படி வியாழன் முதல் வேலை மாறியது. பட்டியலில் மூவரும் கையெழுத்திட்டனர். முடிக்க வேண்டியது 1,840 அல்ல, 1,862. ஆடிட்டர் சம்மதித்தார், பொருள்வாரி விவரத்தை இணைப்பாகக் கேட்கிறார். முதல் இரண்டு நாளில் 196.’